‘கேட்டுச் சொல்லுறன்’ என்றால் என்ன? பிணைக் கையொப்பம் கேட்டவருக்கு வரும் பதிலை வாசிக்கும் முறை

வங்கிக் கடனுக்குப் பிணை நிற்கச் சொல்லி உறவுக்காரர் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறீர்கள். மறுநாள் பதில் வருகிறது: “இவரிட்டயும் கேட்டுச் சொல்லுறன்.” நாலு நாள் போகிறது, ஒன்றும் இல்லை. ஓம் என்றாரா, மாட்டேன் என்றாரா? திரும்பக் கேட்டால் கரைச்சல் கொடுப்பதாகுமா? கேட்காமல் விட்டால் வங்கித் திகதி போய்விடுமா?

வன்னியில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நிரந்தரச் சம்பளம் எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணலாம். ஆசிரியர், கிராம அலுவலர், ஆஸ்பத்திரி ஊழியர், பிரதேச செயலக உத்தியோகத்தர் என்று நாலைந்து பேர். பிணைக்கு ஆள் தேடும் எல்லோரும் அந்த நாலைந்து வீட்டுப் படலையைத்தான் தட்டுகிறார்கள். ஆகவே அவர்கள் மறுத்தே ஆகவேண்டிய நிலையில் இருக்கிறார்கள்; ஆனால் வாயால் மறுக்க முடியாத உறவிலும் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் ‘கேட்டுச் சொல்லுறன்’ பிறக்கிறது.

இந்தக் கட்டுரை பிணைக் கையொப்பம் என்ற ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு, மறைமுகமான மறுப்பை எப்படி அடையாளம் காண்பது, கண்டபின் என்ன எழுதி அதை முடித்துவைப்பது என்று பார்க்கிறது.

முதலில், நாம் கேட்பது என்ன?

பிணையாளர் என்பவர் கடன்காரர் நல்லவர் என்று சாட்சி சொல்பவர் அல்ல. கடன்காரர் கட்டாவிட்டால் தான் கட்டுவதாக எழுதிக் கொடுப்பவர். சாட்சிக் கையெழுத்தும் பிணைக் கையெழுத்தும் ஒன்றென்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். “சும்மா ஒரு கையெழுத்துத்தானே” என்ற பேச்சு அங்கேயிருந்துதான் வருகிறது.

ஐந்து இலட்சம் ரூபா கடனை மூன்று வருடத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதலை 36 ஆல் பிரித்தாலே மாதம் 13,900 ரூபா அளவில் வரும், வட்டி வேறு. நீங்கள் கட்டாமல் விட்டால் ஒரு ஆசிரியையின் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று அவர் உடனே கணக்குப் போட்டுவிடுவார். இன்னொன்றும் உண்டு. இலங்கையில் 1990 முதல் கடன் தகவல் பணியகம் ஒன்று இயங்குகிறது; ஊரில் ‘கிறிப்’ என்பார்கள். ஒருவர் எடுத்த கடன் மட்டுமல்ல, அவர் பிணை நின்ற கடனும் அந்த அறிக்கையில் வரும். நாளைக்கு அவர் தன் வீட்டுக்குக் கடன் கேட்டுப் போகும்போது உங்கள் கடனும் அவர் பெயரோடு சேர்ந்து மேசைக்கு வரும்.

இதற்குமேல் வன்னிக்கென்று ஒரு ஞாபகம் இருக்கிறது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு நுண்கடன் கம்பனிகள் ஊருக்குள் வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பிணை என்று கடன் கொடுத்தன. ஒருத்தி கட்டாத கிழமை மற்றவர்கள் கட்டினார்கள், அல்லது அவள் வீட்டு முற்றத்தில் போய் இருந்தார்கள். 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடனுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அந்த வருடங்களைப் பார்த்தவர்களுக்கு ‘பிணை’ என்ற சொல்லைக் கேட்டதும் வயிறு கலங்கும். உங்களில் நம்பிக்கை இல்லை என்பது அதற்குப் பொருளல்ல.

ஏன் ‘இல்லை’ என்று நேரே வராது?

எங்கள் பேச்சில் ‘இல்லை’க்கு முன்னாலேயே ஒரு கூச்சம் இருக்கிறது. புறப்படும்போதுகூட ‘போறன்’ என்று சொல்வதில்லை, ‘போட்டு வாறன்’தான். அப்படிப்பட்ட பேச்சில், பெரியம்மாவின் மகள் தன் தம்பி முறையானவனுக்கு “நான் சைன் வைக்க மாட்டன்” என்று எழுதுவது சண்டைக்கான அறிவிப்பு மாதிரித்தான் வாசிக்கப்படும். அடுத்த வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் ஒரே மரநிழலில் நிற்க வேண்டியவர்கள் இவர்கள்.

உண்மைக் காரணமும் பெரும்பாலும் சொல்லக்கூடியதாக இருப்பதில்லை. புருஷன் விரும்பவில்லை என்றால் புருஷனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கடன் இருக்கிறதென்றால் வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்ல வேண்டும். முன்பு ஒரு மச்சானுக்குப் பிணை நின்று கட்டி முடித்தவர் என்றால் அந்த மச்சானின் மானம் போகும். எனவே காட்டக்கூடிய ஒரு காரணத்தை முன்னால் வைத்து, உண்மையை உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நீங்களும் நானும் செய்வதுதான்.

இது எங்களுக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. உரையாடலை ஆராய்பவர்கள் பல தசாப்தங்களாகக் கவனித்துவரும் ஒன்று: சம்மதம் சட்டென்று, சுருக்கமாக வரும், மறுப்பு பிந்தி, இழுத்து, நல்ல வார்த்தையோடு, காரணத்தோடு வரும். செலியா கிற்சிங்கர், ஹன்னா ஃபிரித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999 இல் எழுதிய கட்டுரையில் ஒரு படி மேலே போனார்கள். ‘இல்லை’ என்ற சொல் இல்லாமலே மறுப்பது எல்லோரும் அன்றாடம் செய்வது, கேட்பவர்களுக்கும் அது விளங்கும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் பேசியது பாலியல் இணக்கம் பற்றி. ஆனால் ‘எனக்கு விளங்கவில்லை’ என்பவர்கள் பல நேரம் விளங்க விரும்பாதவர்கள் என்ற அந்தக் குத்தல் பிணை கேட்பவர்களுக்கும் பொருந்தும்.

எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பதிலின் இனிமையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. மறுப்பவர்தான் கூடுதலாக இனிமையாக எழுதுவார். கீழே உள்ள மூன்றைப் பார்க்க வேண்டும்.

1. *அடுத்த அடி யாருடையது, அதற்கு நாள் உண்டா?* “வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டாப்போல பாங்கடிக்கு வாறன்” என்பதில் நாளும் இடமும் இருக்கின்றன. “பிறகு பாப்பம்”, “வசதி வந்தாச் சொல்லுறன்” என்பதில் எதுவும் இல்லை. தள்ளிப்போடுகிறவர் நாளைச் சொல்வார். மறுக்கிறவர் நாள் சொல்லாமல் விட்டுவிடுவார்.

2. *கேள்வி கேட்டாரா?* என் பார்வையில் மூன்றிலும் இதுதான் நம்பகமான அடையாளம். கையெழுத்து வைக்கப் போகும் ஒருவருக்குத் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது. எந்த பாங்க்? மற்றப் பிணை ஆர்? எத்தனை மாதச் சம்பளப் பட்டியல் வேணும்? நான் நேரில வரோணுமே? இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் “நல்ல விசயம் தம்பி” என்று முடித்தவர் கையெழுத்து வைக்கும் இடத்துக்கு மனதால் இன்னும் வரவில்லை.

3. *பேச்சு எங்கே திரும்புகிறது?* பதிலின் கடைசி வரி அம்மாவின் சுகத்துக்கோ மழைக்கோ பிள்ளையின் சோதனைக்கோ போய்விட்டால், அவர் அந்த விஷயத்தை விட்டு மெல்ல வெளியே நடக்கிறார்.

பிந்திய பதிலை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நேரில் பேசும்போது ஒரு கணத் தயக்கமே நிறையச் சொல்லும். கைத்தொலைபேசியில் அப்படியில்லை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே கவரேஜ் இல்லாமல் இருக்கலாம், டேட்டா முடிந்திருக்கலாம், வயல் வெட்டு நேரமாக இருக்கலாம். நீலச் சரிக்குறியை வைத்து ஒருவரின் மனத்தை அளக்கப் போனால் தூக்கம்தான் கெடும்.

‘ஓம்’ என்பதையும் கவனமாக வாசிக்க வேண்டும். எங்கள் பேச்சில் “ஓம்… ஓம்…” என்பது பல இடங்களில் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஓம் என்று சொல்லிவிட்டு, வங்கிக்கு வரவேண்டிய நாளில் ஒருமுறை வராமல் விட்டால் தற்செயலாக இருக்கலாம். இரண்டாவது முறையும் போன் நிறுத்தியிருந்தால் அந்த ஓம் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

ஒரு உதாரணம், செய்தி செய்தியாக

விளக்கத்துக்காக அமைத்த உதாரணம் இது. புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கும் ஒரு இளைஞர், கறவை மாடு வாங்கக் கடன் கேட்டிருக்கிறார். சம்பளம் எடுக்கும் இருவர் பிணை நிற்க வேண்டும் என்று வங்கி சொல்கிறது. ஒருவர் கிடைத்துவிட்டார். மற்றவருக்காக, கிளிநொச்சியில் படிப்பிக்கும் பெரியம்மாவின் மகளுக்கு ஞாயிறு இரவு எழுதுகிறார்:

“அக்கா சுகமே? அத்தான், பிள்ளையள் எப்பிடி? மாடு வாங்க லோன் ஒண்டு போட்டிருக்கிறன், 5 இலட்சம். கவுண்மென்ற் ஆக்கள் ரெண்டு பேர் சைன் வைக்கோணுமாம். நீங்கள் ஒண்டு வைப்பீங்களே? சும்மா ஒரு கையெழுத்துத்தான்.”

திங்கள் இரவு பதில் வருகிறது:

“சுகம் தம்பி. மாடு வளக்கிறது நல்ல விசயம்தான். எனக்கும் ஒரு லோன் கழிபட்டுக்கொண்டிருக்கு. அத்தானிட்டயும் ஒருக்காக் கதைச்சுப்போட்டுச் சொல்லுறன். சித்தி எப்பிடி இருக்கிறா?”

மேலே சொன்ன மூன்றையும் இதில் வைத்துப் பாருங்கள். நாள் இல்லை. கேள்வி ஒன்றே ஒன்று, அதுவும் சித்தியின் சுகம். வங்கியைப் பற்றி ஒன்றுமில்லை. மாட்டுக்குப் பாராட்டு வந்தது, கையெழுத்துக்கு வரவில்லை. காரணம் இரண்டு: தன் கடன், அத்தானின் சம்மதம். முடிவு தன் கையில் இல்லை என்று அதை வேறொருவரிடம் நகர்த்திவிட்டார். என் வாசிப்பில் விஷயம் திங்கள் இரவே முடிந்துவிட்டது. தம்பி அப்படி வாசிக்கவில்லை.

புதன்: “அத்தானிட்டக் கதைச்சிட்டீங்களே அக்கா?”

வியாழன்: “அவர் வேலை விசயமா வவுனியாவில நிக்கிறார் தம்பி. வந்தாப்போலதான்.”

சனி காலை: “நான் வேணுமெண்டா அத்தானுக்கு எடுத்துக் கதைக்கட்டே?”

இதற்கு இரண்டு நிமிடத்துக்குள் பதில் வந்தது: “இல்லை இல்லை, வேண்டாம் தம்பி. நானே கதைக்கிறன்.”

ஒரு கிழமையாக வராத ‘இல்லை’ இங்கே இரட்டையாக வருகிறது, அதுவும் உடனே. எதை அக்கா காத்து நின்றார் என்பது இப்போது தெரிகிறது. அத்தானிடம் அவர் கேட்கவே இல்லை என்றும் இருக்கலாம், கேட்டு வீட்டில் வாக்குவாதம் வந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்தக் கதவைத் தம்பி திறப்பதை அவர் விரும்பவில்லை. சனிக்கிழமையாவது இதை நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. ஞாயிறு, பிணைப் படிவத்தைப் படமெடுத்து அனுப்பினார். வாசித்ததற்கான குறி விழுந்தது, பதில் இல்லை. திங்கள், தாயைக்கொண்டு அக்காவுக்குப் போன் எடுப்பித்தார். “என்ர பிள்ளை ஒரு நாளும் உங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லையே” என்று சித்தி சொன்னபோது அக்காவுக்கு இரண்டு வழிதான் மீந்தது: மனமில்லாமல் கையெழுத்து வைப்பது, அல்லது போனை எடுக்காமல் விடுவது. முதலாவது நடந்தால் அந்த வீட்டில் சண்டை வரும். இரண்டாவது நடந்தால் இரண்டு வீட்டுக்குமிடையில் சண்டை வரும்.

காரணத்தைத் தீர்க்கப் போவதே வற்புறுத்தல்

“நான் வற்புறுத்தவே இல்லை, உதவித்தானே செய்தேன்” என்று அந்தத் தம்பி உண்மையாகவே நம்பக்கூடும். அவர் செய்ததைப் பாருங்கள். அத்தானிடம் கேட்க வேண்டும் என்றார் அக்கா. தானே கேட்கிறேன் என்றார் தம்பி. அடுத்து ‘பள்ளிக்கூடத்தில லீவு எடுக்கேலாது’ என்று அக்கா சொன்னால், ‘பாங்க் ஆளை வீட்டுக்கே கூட்டிவாறன்’ என்பார். ‘சம்பளப் பட்டியல் எடுக்க நாளாகும்’ என்றால், ‘கந்தோரில எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு’ என்பார்.

ஒவ்வொரு காரணத்தையும் அவர் தீர்க்க வேண்டிய சிக்கலாக எடுத்துக்கொள்கிறார். ஆனால் காரணம் அதற்காக வைக்கப்படவில்லை. படலைக்கு முன்னால் வைத்த முட்கிளை மாதிரி அது. மாடு உள்ளே வரக்கூடாது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். நீங்கள் கிளையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு “இப்ப வழி திறந்திட்டுது” என்றால், வீட்டுக்காரர் இன்னொரு கிளை தேட வேண்டும். கிளைகள் முடிந்ததும் தானே வந்து குறுக்கே நிற்க வேண்டும். உறவு முறிவது அந்த இடத்தில்தான்.

ஒரு சோதனை சொல்கிறேன். நீங்கள் ஒரு காரணத்துக்கு வழி சொன்னபின் அவர் நிம்மதியாகி அடுத்த அடியைக் கேட்டால் (“அப்பிடியெண்டா எப்ப வரோணும்?”), அது உண்மையான தடையாக இருந்தது. வழி சொன்னபின் புதிதாக இன்னொரு காரணம் வந்தால், முதல் காரணம் தடை அல்ல. இந்தச் சோதனையை ஒருமுறை செய்யலாம். இரண்டாவது தடவை செய்தால் அது விசாரணை.

மூன்றாம் ஆளை அனுப்புவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்களில் அதைத் தவறென்று யாரும் நினைப்பதில்லை. கலியாணப் பேச்சுக்கு இடையில் ஒரு ஆள் போவது நல்ல வழக்கம். இரு பக்கமும் முகம் முறியாமல் விலகலாம். பிணை விஷயத்தில் இடையாள் எதிர்வேலை செய்கிறார். அக்கா உங்களுக்கு மட்டும் மறுத்திருந்த விஷயத்தை இப்போது சித்திக்கும் மாமாவுக்கும் மறுக்க வேண்டியதாகிறது; கதை ஊருக்குத் தெரிகிறது.

தெளிவில்லை என்றால் ஒரே ஒரு கேள்வி

உண்மையிலேயே தெரியவில்லை என்றால், ஒருமுறை கேட்கலாம். ஆனால் பேசாமல் இருப்பதே ‘இல்லை’ என்று ஆகும்படி கேட்க வேண்டும்:

“அக்கா, வாற வெள்ளி பாங்குக்குப் பெயர் குடுக்கோணும். வியாழனுக்குள்ள உங்களிட்ட இருந்து ஒண்டும் வராட்டி நான் வேற ஒழுங்கு பாக்கிறன். பதில் போடவேணும் எண்டில்லை.”

வழக்கமான நினைவூட்டலில், மறுக்க வேண்டுமானால் அவர் உட்கார்ந்து எழுத வேண்டும். இதில் சம்மதிக்க வேண்டுமானால்தான் எழுத வேண்டும். மறுப்பதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. பாரத்தைப் பக்கம் மாற்றி வைக்கிறீர்கள். வியாழன் பேசாமல் போனால் பதில் கிடைத்துவிட்டது. வெள்ளிக் காலை “என்ன அக்கா, ஒண்டும் போடேல்லை?” என்று எழுதினால் முதலில் எழுதியது எல்லாம் வீண்.

இன்னும் நல்லது, ஆரம்பத்திலேயே அப்படிக் கேட்பது. “சும்மா ஒரு கையெழுத்து” என்று சிறிதாக்கிக் கேட்டால், மறுப்பவர் சிறிய உதவியைக்கூடச் செய்யாதவர் ஆகிவிடுகிறார். “இது பெரிய விசயம் எண்டு தெரியும், ஏலாட்டி ஏலாது எண்டு விடுங்கோ, வேற ரெண்டு பேரையும் மனசில வைச்சிருக்கிறன்” என்று கேட்டால் அவருக்கு வெளியே வர வாசல் இருக்கும். அந்த இரண்டு பேர் உண்மையிலேயே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

ஏற்றுக்கொள்வதை எப்படி எழுதுவது?

பேசாமல் விட்டுவிடுவது ஏற்றுக்கொள்வது ஆகாது. நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்று அக்காவுக்குத் தெரியாது. உங்கள் பெயர் திரையில் வரும்போதெல்லாம் அவருக்குப் பகீர் என்றிருக்கும். அவரால் சொல்ல முடியாத ‘இல்லை’யை அவருக்காக நீங்கள் சொல்லி, கணக்கை மூட வேண்டும். செவ்வாய்க்கிழமை தம்பி எழுதியிருக்கக்கூடியது:

“அக்கா, அந்தச் சைன் விசயத்தை விடுங்கோ, நான் வேற வழி பாத்துக்கொள்ளுறன். அத்தானிட்டக் கேக்கவும் தேவையில்லை. அம்மா சுகம், உங்களைத்தான் விசாரிச்சவ. லீவுக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை உண்டு. முதல் வரி கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறது. ‘வேற வழி’ என்பது அவர் தலையில் பழி இல்லை என்கிறது. இரண்டாவது வரி, அவர் ஒப்புக்கொண்ட வேலையிலிருந்து, அதாவது அத்தானிடம் கேட்பதிலிருந்து, அவரை விடுவிக்கிறது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; அந்த வேலை தொங்கிக்கொண்டே இருக்கும். கடைசி இரண்டு வரியும் அவர் திருப்பிவிட்ட பேச்சையே பிடித்துக்கொண்டு உறவு பழையபடி இருக்கிறது என்று காட்டுகின்றன.

ஏற்பது போலத் தோன்றி ஏற்காத செய்திகளும் உண்டு. “பரவாயில்லை அக்கா, உங்களுக்குக் கஷ்டமெண்டா விடுங்கோ” என்பதில் அந்த ‘எண்டா’ ஒரு கொக்கி. “சீ, கஷ்டம் இல்லைத் தம்பி” என்று அவர் சொல்ல வேண்டிவரும், பிறகு இரண்டு பேரும் திரும்பத் தொடங்கிய இடத்தில்தான். “சரி, எங்களுக்கு ஆர் இருக்கினம்” என்பதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. “ஏன் எண்டு மட்டும் சொல்லுங்கோ, கோவிக்க மாட்டன்” என்பது நேர்மையாகத் தெரியும். ஆனால் அவர் பொத்தி வைத்த ஒன்றைத்தான் அது கேட்கிறது.

‘வேற வழி’ என்று எழுதினால் அதைத் தேடவும் வேண்டும். நகை இருந்தால் அடகுக் கடனுக்குப் பிணையாளர் தேவையில்லை. தொகையைக் குறைத்தால் ஒரு பிணை போதுமா என்று வங்கியிலேயே கேட்கலாம். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராக இருந்தால் அங்கேயும் விசாரிக்கலாம். ஐந்து மாட்டுக்குப் பதில் இரண்டு மாட்டோடு தொடங்கலாம். ஒரு ஆளிடமே சுற்றிச் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த வீட்டுப்பாடத்தைச் செய்யாதவர்கள்.

எங்கே இந்த முறை பொருந்தாது?

1. *உண்மையான தள்ளிப்போடுதல்.* வயல்காரர் ஒருவர் “காலபோக வெட்டு முடியட்டும்” என்று சொன்னால் அதை உடனே மறுப்பென்று எழுதிவிடக் கூடாது. வன்னியில் காசும் நேரமும் வெட்டோடுதான் அசையும். அதில் ஒரு எல்லை தானாகவே இருக்கிறது. வெட்டு முடிந்து, நெல் காய்ந்து விற்றபின் ஒருமுறை கேட்கலாம். அப்போது “சிறுபோகம் வரட்டும்” என்றால், இரணைமடுவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்று பார்க்கப் போகாதீர்கள், அது மறுப்பு.

2. *உரிமையாகக் கேட்பவை.* அரச அலுவலகத்தில் “நாளைக்கு வாங்கோ, பாப்பம்” என்பதும் இதே மொழிதான், ஆனால் நீங்கள் அங்கே தயவு கேட்கவில்லை. விண்ணப்பம் என்னவாயிற்று என்று எழுத்தில் கேட்கலாம். 2016 இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி கோரிக்கை கொடுத்தால், தகவல் தரலாமா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். நீங்கள் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கும்போது வரும் “பாப்பம்” உம் அப்படியே. அதை மரியாதைக்கு ஏற்றுக்கொண்டு போக வேண்டியதில்லை.

3. *அவரே திரும்பி வருவது.* இரண்டு மாதம் கழித்து அக்காவே “தம்பி, அந்த லோன் என்னாச்சு? நான் வேணுமெண்டா வைக்கிறன்” என்று எழுதலாம். குற்றவுணர்வில் எழுதியதா, வீட்டு நிலைமை மாறியதா என்பது அந்த ஒரு வரியில் தெரியாது. முன்பு சொன்ன அதே அடையாளங்களைப் பாருங்கள். எந்த பாங்க், எத்தனை வருடம், மற்றப் பிணை ஆர் என்று கேட்கிறாரா? அத்தானுக்குத் தெரியும் என்று அவராகவே சொல்கிறாரா? அப்படியானால் நன்றி சொல்லிப் படிவத்தைக் கொண்டுபோகலாம். வெறுமனே “வைக்கிறன்” என்று மட்டும் வந்தால், “மாடு ரெண்டு வாங்கிட்டன் அக்கா, இப்ப அது போதும்” என்று பால் போத்தலோடு ஒருக்கால் போய்வரலாம்.